டீச்சருக்கு நான்கு நிமிட வீடியோ: என்ன எழுதுவது?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எங்கள் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் இந்த மே மாதம் பணி ஓய்வு பெறுகிறார். நாங்கள் 1999இல் பரீட்சை எழுதிய செட்; வாட்ஸ்அப் குழுவில் 36 பேர் இருக்கிறோம். பாராட்டு விழாவில் போட ஒரு வீடியோ எடுக்கிறோம். வசனம் எழுதும் பொறுப்பு என்னுடையது. எழுத உட்கார்ந்தால் அழுகை வருகிறது. எழுதியதைப் படித்தாலோ மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. நான்கு நிமிடத்துக்கு மேல் கூடாது என்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் பேச ஆசை. டீச்சரிடம் வாங்கிய அடியை மறக்க முடியாமல் ஒரு நண்பன் ஒதுங்கி நிற்கிறான். டீச்சருக்கு மிகவும் பிடித்த எங்கள் தோழி போன வருடம் இறந்துவிட்டாள். அது டீச்சருக்குத் தெரியாது. அவளைச் சொல்வதா, விடுவதா?

- ஒரு பழைய மாணவி, தென்காசி

அன்புள்ள சகோதரிக்கு,

பத்தாம் வகுப்பில் அவர் என்ன செய்தார் என்பது டீச்சருக்கே தெரியும். அதற்குப் பிறகு உங்களுக்குள் அது என்ன ஆனது என்பதுதான் அவருக்குத் தெரியாதது. வசனம் அங்கேதான் இருக்கிறது. நன்றிக் கடிதம் எழுதுகிறவர்களைப் பற்றி அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு உளவியலாளர்கள் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வார்த்தை சரியாக வரவில்லையே என்று எழுதுகிறவர் கவலைப்படுகிறார். படிக்கிறவர் மனதில் நிற்பதோ அதிலுள்ள அன்பு. அவருக்கு எவ்வளவு ஆச்சரியமாக இருக்கும் என்பதையும் எழுதுகிறவர் குறைத்தே கணக்கிடுகிறார். அதனால் ஏணி, தோணி, மெழுகுவர்த்தி, அறிவுக் களஞ்சியம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை எந்த டீச்சருக்கும் பொருந்தும்.

குழுவில் ஒரே ஒரு கேள்வி போட்டு, பதிலைக் குரல் பதிவாகக் கேளுங்கள்: "டீச்சர் சொன்னதில் இன்னும் உன் காதில் இருக்கும் வாக்கியம் எது? அதனால் இன்றைக்கு நீ என்ன செய்கிறாய்?" வருவதில் நான்கு போதும். நன்றாகப் படித்தவர்களே நான்கு பேராகவும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று இப்படி அமையலாம்:

"டீச்சர், அரையாண்டுப் பரீட்சையில நான் 28 மார்க். பேப்பரை எல்லார் முன்னாடியும் கொடுக்காம, மேஜைக்குக் கூப்பிட்டு, 'வழி சரிம்மா, கூட்டல்தான் தப்பு'ன்னு சொன்னீங்க. இப்ப பேங்க்ல வேலை பார்க்கிறேன். இன்னைக்கும் ஒருதரம் கூட்டிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுறேன்."

நிதானமாகச் சொன்னால் 20 விநாடி ஆகும். இதில் நன்றி என்ற சொல்லே இல்லை, அது தேவைப்படவும் இல்லை. மற்றவர்களுக்கு வருகைப் பதிவு. ஆளுக்கு மூன்று விநாடி: பெயர், இருக்கும் ஊர், "உள்ளேன் டீச்சர்." பழைய வரிசை எண்படியே அடுக்குங்கள். 30 பேர் ஒன்றரை நிமிடத்தில் வந்து போய்விடுவார்கள். யாரும் விடுபட்டதாக நினைக்க மாட்டார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்திருக்கிறது.

எழுதியதைப் பார்த்து யாரும் படிக்க வேண்டாம். முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடமாக இருந்தால் நடுவில் உள்ளது தானாக வரும். குரல் தழுதழுத்தாலும் வாக்கியம் முடிந்துவிட்டால் அந்தப் பதிவை வைத்துக்கொள்ளலாம். பேச்சு நின்று தேம்பினால் இன்னொரு முறை எடுங்கள். அந்த இடத்தில் டீச்சர் தன் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு உங்களைத் தேற்றும் நிலைக்குப் போய்விடுவார்.

நண்பரை வற்புறுத்த வேண்டாம். அவருடைய வலி உண்மையானது, அதை ஆற்றுவதற்கு இந்த வீடியோ ஏற்ற இடமில்லை. அதே காரணத்துக்காக, "நீங்க அடிச்சதாலதான் உருப்பட்டோம்" என்று யாராவது சொன்னால் அந்த வரியை நீக்குங்கள். பாராட்டாகச் சொல்லப்பட்டாலும், அவர் பட்டது சரிதான் என்று மொத்த வகுப்பும் சொன்னதாக அவருக்குக் கேட்கும். வருகைப் பதிவுக்கு மட்டுமாவது வருகிறாயா என்று ஒருமுறை தனியாகக் கேளுங்கள். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

தோழியின் செய்தியை டீச்சர் திரையில் முதன்முதலாக அறியக் கூடாது. மேடையில், ஊர் பார்க்க, அந்த அதிர்ச்சியை அவர் எங்கே வைப்பார்? விழாவுக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு பேர் நேரில் போய்ச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் அவருடன் உட்கார்ந்திருங்கள். வீடியோவில் அவள் பெயர் வேண்டுமா என்பதை அவளுடைய வீட்டாரிடமும் டீச்சரிடமும் கேளுங்கள். சரி என்றால், அவள் வரிசை எண் வரும்போது அவள் புகைப்படம், நெருங்கிய தோழியின் குரலில் அவளைப் பற்றி ஒரு வரி. சோக இசை வேண்டாம்.

"இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்" என்று முடிக்காதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும் காலையில் தனக்குப் போக இடமில்லை என்ற எண்ணம் ஓய்வு பெறும் ஆசிரியர் பலரை வாட்டுகிறது. ஒரு வேண்டுகோளோடு முடியுங்கள்: "டீச்சர், என் பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை கணக்குல சந்தேகம் கேட்கக் கூட்டிட்டு வரலாமா?" ஆனால் யார் போகப் போகிறார்கள் என்பதை முடிவு செய்த பிறகே அந்த வரியைப் பதிவு செய்யுங்கள். அழைப்புக்காகக் காத்திருந்து, யாரும் வராமல் போவது அவருக்கு இன்னும் கடினமாக இருக்கும்.