சன்ஷேடுக்கும் சேர்த்து வரி போட்டிருக்கிறார்கள்

கேள்வி: ஈரோடு மாநகராட்சிக்குள்ளதாங்க எங்க வீடு. ஏரியாவையே மறுபடி அளந்து, அரையாண்டுக்கு 1,210 ரூபாயா இருந்த சொத்து வரியை 2,153 ஆக்கி நோட்டீஸ் குடுத்திருக்காங்க. வீட்டுல ஒரு செங்கல்கூட நாங்க புதுசா வைக்கலை. பில் கலெக்டரைக் கேட்டா, "எல்லாருக்குந்தான் ஏறியிருக்கு, கட்டிட்டு அப்புறம் பேசிக்கங்க"ங்கறார். ஆட்சேபனை குடுத்தா குறையுமா? எப்படிக் குடுக்கறதுங்க? நோட்டீஸ், பழைய ரசீது, வீட்டு பிளான் மூணும் நகல் வெச்சிருக்கேன்.

பதில்: குறையும் அம்மணி. ஆனால் ஏறிய 943 ரூபாயும் குறையாது. எது குறையும், எது குறையாது என்று பிரித்துக்கொண்டால்தான் மனு நிற்கும். "வரி ரொம்ப அதிகம், ஏழை எளியவர்கள் எப்படிக் கட்டுவது" என்று எழுதிக் கொடுக்கும் மனுவை யாரும் படிப்பதில்லை. அதிகாரிக்கே அதில் அதிகாரம் கிடையாது. உங்கள் தெரு எந்த மண்டலத்தில் வரும், அந்த மண்டலத்துக்கு என்ன மதிப்பு என்பதெல்லாம் மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டு வருவது. ஒரு வீட்டுக்காரரின் மனுவால் அது மாறாது. உங்கள் வீட்டைப் பற்றி அவர்கள் எழுதிவைத்திருக்கும் விவரம் தப்பு என்றால் மட்டும்தான் நமக்கு வழி.

நீங்கள் அனுப்பிய பிளானையும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிளானில் கீழ்த்தளம் 24 அடிக்கு 35 அடி, ஆக 840 சதுர அடி. மாடியில் ஒரே அறை, 15க்கு 20, ஆக 300. மொத்தம் 1,140. பழைய பதிவிலும் இதேதான். புது நோட்டீஸில் கீழ்த்தளம் 1,092, மாடி 420, மொத்தம் 1,512.

அந்த 1,092 எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். 28ஐ 39ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 1,092. அதாவது உங்கள் வீட்டின் நாலு பக்கமும் இரண்டிரண்டு அடி கூட்டியிருக்கிறார்கள். இரண்டடி என்றால் அது சன்ஷேடு. சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்திருக்கிறார்கள். ட்ரோன் படத்தை வைத்தோ, மேலிருந்து எடுத்த வேறு வரைபடத்தை வைத்தோ அளந்தால் இந்தத் தவறு சுலபமாக வரும். மேலே இருந்து பார்க்கும்போது சுவர் தெரியாது, கூரையின் விளிம்புதான் தெரியும். கட்டடத்தின் பரப்பைச் சுவரின் வெளிமுகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் நீட்டிவிட்ட சன்ஷேடு அதில் சேராது.

மாடியில் கூடிய 120, துணி காயப்போட நீங்கள் போட்ட ஷீட் பந்தலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சுவரில்லாமல் நாலு பைப்பு மேல் நிற்கும் ஷீட்டு என்றால் அறையாகக் கணக்கு வைக்கக் கூடாது என்று வாதாடலாம். சுற்றிலும் அடைத்து ஆள் தங்குகிற மாதிரி இருந்தால் அந்த வாதம் நிற்காது. சன்ஷேடு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஷீட்டில் கொஞ்சம் உண்டு. அதனால் மனுவில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்று தள்ளுபடியானாலும் மற்றது பிழைக்கும்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். 2022 ஏப்ரலில் அரசு சொத்து வரியை உயர்த்தியபோது, சென்னைக்கு வெளியே இருக்கும் நகர்ப்புற உள்ளாட்சிகளில் குடியிருப்புகளுக்குப் பரப்பளவை வைத்துப் படி போட்டார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீத உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் 1,140 சதுர அடி வீடு 50 சதவீதப் படியில் இருந்தது. 1,512 என்று எழுதியதும் அது 75க்குத் தாவிவிட்டது. ஆக தப்பான அளவு இரண்டு முறை கடித்திருக்கிறது: பரப்பு கூடியதற்கு ஒரு தடவை, படி மாறியதற்கு ஒரு தடவை.

கணக்கைப் பாருங்கள். 1,140க்கு 1,210 ரூபாய் என்றால், 1,512க்கு 1,605. படி 50லிருந்து 75க்குப் போனதில், அதாவது 150 என்பது 175 ஆனதில், அது 1,872. தெருவை மேல் மண்டலத்துக்கு மாற்றியதில் 15 சதவீதம் என்று நோட்டீஸிலேயே இருக்கிறது, அதைச் சேர்த்தால் 2,153. அவர்கள் கணக்கு பைசா பிசகாமல் வந்துவிட்டது. இப்போது அளவை மட்டும் திருத்துங்கள். 1,210க்கு மேல் 15 சதவீதம் என்றால் 1,392 ரூபாய்தான் வர வேண்டும். அரையாண்டுக்கு 761, வருடத்துக்கு 1,522 ரூபாய் வித்தியாசம். மண்டலம் மாறியதில் ஏறிய 182 ரூபாயை விட்டுவிடுங்கள். உள்சந்தில் இருக்கும் வீட்டை மெயின் ரோட்டுக் கணக்கில் சேர்த்திருந்தால் மட்டும் அதையும் கேட்கலாம், உங்கள் வீட்டுக்கு அப்படி இல்லை.

மனு கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை. ஆட்சேபனை போட்டால் வீட்டுக்கு வந்து மறுபடி அளப்பார்கள். வரும்போது பதிவில் இல்லாத அறை ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் எழுதிக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், காங்கேயம் பக்கம், 80 சதுர அடி அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று மனு போட்டார். வந்தவர்கள் பின்னால் அவர் சொல்லாமல் கட்டியிருந்த 200 சதுர அடியைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். உங்கள் மாடி அறை பழைய பதிவிலேயே இருப்பதால் பயமில்லை.

இனி வேலை. நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும் என்று நோட்டீஸில் இருக்கும், எண்ணிக்கை அந்தத் தேதியிலிருந்துதான். எவ்வளவு கெடு இருந்தாலும் பதினைந்து நாளுக்குள் கொடுத்துவிடுவது என் வழக்கம். tnurbanepay.tn.gov.in தளத்தில் உங்கள் வரிவிதிப்பு எண்ணைப் போட்டு, இப்போது என்ன நிலுவை காட்டுகிறது, எந்த அரையாண்டிலிருந்து உயர்த்தியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரின்ட் எடுங்கள். பழைய வருஷங்களுக்கும் சேர்த்து நிலுவை போட்டிருந்தால் அதையும் மனுவில் ஆட்சேபிக்க வேண்டும்.

பிறகு தெரிந்த கொத்தனாரை வைத்து டேப் பிடித்து அளங்கள். சுவரின் வெளிமுகத்திலிருந்து வெளிமுகத்துக்கு. ஒரு வெள்ளைத்தாளில் வீட்டைக் கோடு போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடி எழுதி, சன்ஷேடைப் புள்ளிக்கோட்டில் காட்டுங்கள். சுவரில் டேப்பை வைத்து சன்ஷேடு விளிம்பு வரை நீட்டி, இரண்டடி தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. வழவழ என்று நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு போட்டோ வேலை செய்யும்.

மனு மாநகராட்சி ஆணையர் பெயருக்கு. வாசகம் இவ்வளவு போதும்:

"மேற்படி வரிவிதிப்பு எண்ணுக்கான நோட்டீஸில் கீழ்த்தளப் பரப்பு 1,092 சதுர அடி என உள்ளது. சுவரின் வெளிமுக அளவுப்படி அது 24 × 35 = 840 சதுர அடி மட்டுமே. நான்கு புறமும் உள்ள 2 அடி சன்ஷேடு கட்டடப் பரப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளது. மாடியில் 420 என உள்ளது. அறையின் அளவு 15 × 20 = 300 சதுர அடி. மீதி 120, பக்கச் சுவர் இல்லாத ஷீட் பந்தல். நேரில் அளந்து, மொத்தம் 1,140 சதுர அடி எனத் திருத்தி, அதற்குரிய படியில் வரியை மறுபடி கணக்கிட்டு எழுத்துப்பூர்வ உத்தரவு தர வேண்டுகிறேன். களத்தில் எடுத்த அளவீட்டுத் தாளின் நகலும் வேண்டும்."

"அதற்குரிய படியில்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பரப்பைத் திருத்திவிட்டு 75 சதவீதத்தை அப்படியே விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

நோட்டீஸ், பிளான், பழைய ரசீது, வரைபடம், போட்டோ எல்லாவற்றின் நகலையும் இணைத்து, மண்டல அலுவலகத்துத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்குங்கள். பில் கலெக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்தால் அது மனுவே அல்ல. சீல் போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அளவீட்டுத் தாளைத் தராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பணத்தைக் கட்டுவதா, நிறுத்திவைப்பதா? பில் கலெக்டர் சொன்னதில் பாதி சரி. 2,153ஐக் கட்டிவிடுங்கள், ஆனால் மனுவைக் கொடுத்த பிறகு. மனுவின் கடைசியில், "தொகையை ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், கூடுதல் தொகையை வரும் அரையாண்டில் ஈடுசெய்ய வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நிறுத்திவைத்தால் தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் ஏறும், பாக்கிதாரர் என்ற பெயரும் வரும். மேல்முறையீடு வரை போக நேர்ந்தால் வரி பாக்கி இல்லாமல் இருப்பதுதான் வசதி. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் கிடைக்கும். இதே தொகை ஐம்பதாயிரம் என்றால் வேறு மாதிரி யோசித்திருப்பேன், வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அளக்க வரும் அன்று நீங்கள் வீட்டில் இருந்தாக வேண்டும். டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள். அவர் எழுதும் எண்ணைப் பார்த்து உங்கள் தாளிலும் எழுதிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் போட வேண்டாம். உத்தரவு எழுத்தில் வரட்டும். "கம்ப்யூட்டர்ல மாத்திட்டோம்" என்று வாயால் சொன்னால், அதே தளத்தில் 1,140 என்று காட்டுகிறதா, அடுத்த அரையாண்டுக் கேட்பு 1,392 என்று வருகிறதா என்று பாருங்கள். கேட்பு மாறவில்லை என்றாலும், மனுவை நிராகரித்தாலும், மேல்முறையீட்டை யாரிடம், எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்று அதே தபால் பிரிவில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு, அதற்கும் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.