சேரின் ஸ்லைட்டை உசாத்துணையில் போடலாமா?

இறுதியாண்டு ஆய்வேடு கொடுக்கும் காலம் நெருங்கினால் நூலக மேசைக்கு வருகிற கேள்விகளில் பாதி ஸ்லைட்டுகளைப் பற்றியதுதான். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பை வைத்தே சொல்கிறேன். உங்கள் துறை வேறு முறை கேட்டால் அதன் கையேட்டைப் பாருங்கள்.

“அக்கா, நெல்லின் நடுப்பருவப் பயிர்க் குணகம் 1.20 என்று எங்கள் நீர்ப்பாசன ஸ்லைட்டில் இருக்கிறது. இரணைமடுவின் கீழ் உள்ள வயலுக்கு நீர்த்தேவை கணக்கிடுகிறேன். சேரின் ஸ்லைட்டைக் காட்டினால் போதுமா?” — விவசாய மாணவி, அறிவியல் நகர்

போதாது தங்கச்சி. அந்த 1.20 சேர் அளந்து கண்ட எண் இல்லை. உணவு விவசாய தாபனம் 1998இல் வெளியிட்ட 56ஆம் இலக்க நீர்ப்பாசன அறிக்கையின் அட்டவணை 12இல் இருந்து வந்தது. அலன், பெரேய்ரா, ரேஸ், ஸ்மித் என்ற நால்வர் எழுதியது. தாபனத்தின் இணையத்தளத்திலேயே இலவசமாக வாசிக்கலாம். ஸ்லைட்டின் அடியில் சின்ன எழுத்தில் “FAO 56” என்று இருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

மூலத்துக்குப் போகச் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. அட்டவணையோடு ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அந்த எண்கள் பகலின் குறைந்தபட்ச ஈரப்பதன் சுமார் 45 சதவீதமும், காற்று வினாடிக்கு 2 மீற்றரும் உள்ள காலநிலைக்கு உரியவை. ஸ்லைட்டில் இடம் இல்லாததால் அந்த வரி விழுந்துவிடும். நிபந்தனை மாறினால் இப்படித் திருத்த வேண்டும்:

```
Kc = 1.20 + [0.04(u2 - 2) - 0.004(RHmin - 45)] × (h/3)^0.3
```

இதில் u2 காற்றின் வேகம், RHmin குறைந்தபட்ச ஈரப்பதன், h பயிரின் உயரம். காலபோகத்து மழை நாட்களில் ஈரப்பதன் 70, காற்று 2, பயிர் 1 மீற்றர் என்று வைத்துப் பாருங்கள். குணகம் 1.13க்கு இறங்கிவிடும். அடிப்படை ஆவியுயிர்ப்பு நாளைக்கு 4 மில்லிமீற்றர் என்றால், முப்பது நாளில் இந்தச் சின்ன வித்தியாசம் ஏக்கருக்கு ஏறத்தாழ 34,000 லீற்றர் தண்ணீர். அதே வயலில் சிறுபோகத்தில் சோழகம் அடிக்கும்போது காற்று 4, ஈரப்பதன் 60 என்று வந்தால் குணகம் 1.21. அதாவது ஸ்லைட்டின் எண் ஒரு போகத்துக்குப் பொருந்துகிறது, மற்றதுக்குப் பொருந்தவில்லை. ஸ்லைட்டை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே வராது. (நான் போட்ட காலநிலை எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் நிலையத் தரவைப் போடுங்கள்.)

ஆக, உசாத்துணையில் அந்த நால்வரின் அறிக்கை வரட்டும், ஸ்லைட் வேண்டாம். ஆனால் நீங்களே திறந்து வாசித்த பிறகு போடுங்கள். வாசிக்காமல் ஸ்லைட்டில் இருந்து பெயரை மட்டும் தூக்கிப் போட்டால், பரீட்சகர் “அட்டவணையின் நிபந்தனை என்ன?” என்று கேட்கும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

“வன்னியைப் பற்றி லூயிஸ் 1895இல் எழுதிய கையேட்டில் இருந்து ஒரு பந்தி எங்கள் விரிவுரை ஸ்லைட்டில் இருக்கிறது. மூல நூல் கிடைக்கவில்லை. என்ன செய்வது?” — மாணவர், பம்பைமடு

முதலில் நூலகத்தின் இலங்கைத் தொகுப்பில் கேளுங்கள், ஸ்கான் பிரதி கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். உண்மையிலேயே கிடைக்காவிட்டால் இரண்டாம் நிலை மேற்கோள் இருக்கிறது. ஆய்வேட்டின் உடலில் “லூயிஸ், 1895, மேற்கோள்: விரிவுரையாளர் பெயர், ஆண்டு, ஸ்லைட் 14” என்று எழுதுங்கள். உசாத்துணைப் பட்டியலில் ஸ்லைட் மட்டும் வரும், லூயிஸ் வரமாட்டார், ஏனென்றால் நீங்கள் அவரை வாசிக்கவில்லை. இதை ஆய்வேடு முழுக்க ஓரிரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள். ஐந்து இடத்தில் இருந்தால் நீங்கள் ஒரு பாடத்தின் குறிப்பைத்தான் ஆய்வேடாக எழுதியிருக்கிறீர்கள் என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

“விரிவுரை சூமில் பதிவாகி மூடிலில் இருக்கிறது. அதில் மிஸ் சொன்ன ஒரு விளக்கம் வேறு எங்கும் இல்லை. இணைப்பைப் போட்டால் சரியா?” — மாங்குளம்

உங்கள் எழுத்தை வாசிக்கப்போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. வகுப்பு ஒப்படை என்றால் வாசிப்பவர் அந்த மிஸ்தான். அவருக்கு மூடில் திறக்கும். அப்போது விரிவுரையாளர் பெயர், திகதி, விரிவுரைத் தலைப்பு, அதன் பின் சதுர அடைப்புக்குள் “விரிவுரைப் பதிவு” என்ற வகை, தளத்தின் பெயர், உள்நுழையும் பக்கத்தின் முகவரி என்ற ஒழுங்கில் பட்டியலில் போடலாம். ஸ்லைட் என்றாலும் இதே ஒழுங்குதான், அடைப்புக்குள் வகை மட்டும் மாறும். நேரடியாகச் சொற்களை எடுத்தால் உடலில் நேரக்குறியும் தேவை: ஆண்டுக்குப் பின் 23:40 என்று, அந்தப் பேச்சு தொடங்கும் இடம்.

ஆய்வேடு என்றால் வெளிப் பரீட்சகரும் வாசிப்பார். அவருக்கு உங்கள் மூடிலில் கணக்கு இல்லை. அவர் திறக்க முடியாத பொருளைப் பட்டியலில் வைக்க முடியாது. அது தனிப்பட்ட தொடர்பாடல் ஆகிவிடும்: உடலில் மட்டும், பெயரும் “தனிப்பட்ட தொடர்பாடல்” என்ற சொல்லும் முழுத் திகதியும். மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே போடுங்கள். வகுப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம், அச்சில் அதற்குப் பொறுப்பேற்க அவருக்கு விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். “இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன், அதைப் போடு” என்று பதில் வந்தால் உங்கள் வேலை இன்னும் சுகம்.

அதே விரிவுரை யூடியூபில் பொதுவாகக் கிடந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் பதிவேற்றிய கணக்கின் பெயர்தான் ஆசிரியர் இடத்தில் வரும், பேசியவரை உங்கள் வசனத்தில் குறிப்பிடுங்கள்.

“பதிவு அழிந்துவிட்டது. என்னிடம் கொப்பியில் எழுதிய குறிப்பும், வட்ஸ்அப்பில் சேர் அனுப்பிய குரல் செய்தியும்தான் உண்டு.” — புதுக்குடியிருப்பு

இரண்டுமே தனிப்பட்ட தொடர்பாடல்தான், பட்டியலுக்குப் போகாது. கொப்பியில் எழுதியது சேர் சொன்னதா, நீங்கள் விளங்கிக்கொண்டதா என்று உங்களுக்கே இப்போது நிச்சயமில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

“சேர் தானே எடுத்த குளக்கட்டுப் படமும், வெளியாகாத அளவீடுகளும் ஸ்லைட்டில் உண்டு. இதற்கும் மூலம் தேட வேண்டுமா?” — துணுக்காய்

இல்லை, இங்கே ஸ்லைட்தான் மூலம். இதைக் காட்டாமல் விட்டால்தான் களவு. படத்தை மேற்கோள் காட்டுவது ஒன்று, அதை உங்கள் ஆய்வேட்டில் அச்சிடுவது வேறொன்று. அச்சிட எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மின்னஞ்சலில் ஒரு வரி போதும். வெளியாகாத அளவீடுகளுக்கும் முதலில் கேளுங்கள். அவர் அதே எண்களை வைத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கலாம். உங்கள் ஆய்வேடு முந்தினால் அவருடைய இரண்டு வருட உழைப்புக்கு இடைஞ்சல். இப்படி ஒரு முறை நடந்து, மாணவரும் சேரும் ஒரு தவணை முழுக்கக் கதைக்காமல் திரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

“ஒப்படைத் தாளில் உள்ள வரைவிலக்கணம்? மேற்பார்வையாளர் திருத்திச் சொன்ன யோசனை?” — நெடுங்கேணி

ஒப்படைத் தாளைக் காட்ட வேண்டாம், கேள்வியையே திருப்பிக் காட்டுவது போல இருக்கும். வரைவிலக்கணத்தைப் பாடநூலில் தேடி அதைக் காட்டுங்கள். மேற்பார்வையாளரின் யோசனை நன்றியுரைக்குப் போகட்டும். பெயர் எழுதும்போது நன்றியுரையில் “கலாநிதி” போடலாம். உசாத்துணையில் கலாநிதியும் இல்லை, சேரும் இல்லை. அவர் எழுதுகிற பெயர் முதலில், தகப்பன் பெயரின் முதலெழுத்து பின்னால்.