நிறம் காட்டுவது நோட்டையா, பாடத்தையா?

"என் மகள் படிவம் இரண்டில் படிக்கிறாள். ஆண்டுத் தொடக்கத்தில் பத்து நிறங்களில் நோட்டு, கோப்பு, பேனா, ஒரு திட்டக் குறிப்பேடு எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். இன்னமும் வாரத்தில் இரண்டு நாள் தவறான நோட்டை எடுத்துப் போகிறாள். வரலாற்றுக் குறிப்புகளை வண்ண வண்ணமாக எழுதுகிறாள், சோதனையில் மறந்துவிடுகிறாள். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா?"
— ஓர் அம்மா, சுங்கை சிப்புட்

உண்டு. ஆனால் நீங்கள் ஒரே பொருளிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறீர்கள். பையிலிருந்து சரியான நோட்டை எடுப்பது கண்ணின் வேலை. அதை நிறம் நன்றாகச் செய்யும். பாடத்தை நினைவில் வைப்பது வேறு வேலை. அதில் நிறத்துக்கு உள்ள பங்கு மிகச் சிறியது, அதுவும் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தினால் மட்டுமே.

முதலில் பை. பத்து நிறம் அதிகம். உங்கள் மகள் எந்நேரத்தில் பை அடுக்குகிறாள் என்று பாருங்கள். தோட்டப்புறத்திலிருந்து பஸ் பிடிக்கும் பிள்ளைகள் விடியுமுன்னே, வீட்டு விளக்கில் அடுக்குகிறார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும்; கருநீலமும் கறுப்பும் அப்படித்தான். கடையின் வெள்ளை விளக்கில் அழகாகப் பிரிந்து நின்ற நிறங்கள் வீட்டில் கலந்துவிடும். எந்த நிறத்தையும் முடிவு செய்யுமுன் அவள் பை அடுக்கும் அதே இடத்தில், அதே விளக்கில் வைத்துப் பாருங்கள்.

புதிய நோட்டுகள் வாங்க வேண்டாம். இரும்புப் பொருள் கடையில் மின்கம்பி சுற்றும் டேப் விற்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று ஆறு நிறங்களில் எளிதாகக் கிடைக்கும். விலை குறைவு, மழையில் நனைந்தாலும் உரியாது. நோட்டின் முதுகில், அதாவது தைத்த ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை ஒட்டுங்கள். அட்டையின் நிறத்தால் பெரிய பயனில்லை. அடுக்கி வைத்த நோட்டுகளில் வெளியே தெரிவது முதுகுதான். மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு ஆகிய ஐந்துக்கும் ஆளுக்கொரு நிறம். தமிழ், புவியியல், நன்னெறி, மற்றவை எல்லாம் வெள்ளைப் பட்டை. அதன்மேல் அழியாத மையில் பாடத்தின் முதல் எழுத்து. எந்த நிறம் எதற்கு என்பதை அவளே முடிவு செய்யட்டும், ஆனால் ஆண்டு நடுவில் மாற்றக் கூடாது. பாடநூலுக்கும் பயிற்சி நோட்டுக்கும் கோப்புக்கும் அதே நிறம். அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் கால அட்டவணையின் கட்டங்களுக்கும் அதே நிறம். செவ்வாய்க்கிழமை வரிசையில் சிவப்பு, நீலம், நீலம், வெள்ளை என்றிருந்தால் அதையே எடுத்து வைப்பாள்; வெள்ளைக்கு மட்டும் எழுத்தைப் பார்த்தால் போதும்.

பயிற்சித் தாள்களுக்குப் பாடத்துக்கொரு கோப்பைப் பள்ளிக்குச் சுமக்கச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு கண்ணாடிக் கோப்பு போதும். அன்றைய தாள்கள் எல்லாம் அதில் வரட்டும், வெள்ளிக்கிழமை மாலை வீட்டிலுள்ள வண்ணக் கோப்புகளில் பிரித்துப் போடட்டும்.

இனி மறதி. ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியராக இருந்த தொடக்க ஆண்டுகளில், தலைப்புக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று என ஏழு நிறங்களில் குறிப்பெடுக்கப் பிள்ளைகளைப் பழக்கியவன் நான். பக்கங்கள் திருவிழாத் தோரணம்போல இருந்தன. கேள்வி கேட்டால் ஒரு பெண் சொல்வாள்: "மேலே வலப்பக்கத்தில், ஊதா நிறத்தில் எழுதியிருந்தேன், சார்." ஊதா நினைவிருந்தது, ஊதாவில் எழுதியது என்ன என்பது நினைவில்லை. உங்கள் மகளும் இப்படிச் சொன்னால் நிறம் தவறான இடத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பரீட்சைத் தாள் கறுப்பு வெள்ளையில்தான் வரும். ஊதா அங்கே உதவிக்கு வராது.

1933இல் ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் என்ற ஜெர்மானிய உளவியலாளர் எழுதியதை இங்கே நினைக்கலாம். ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறுபட்டிருந்தால் அது எளிதில் நினைவில் நிற்கும். எல்லாமே வேறுபட்டிருந்தால் எதுவும் தனித்து நிற்காது. ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரே நிறம், ஒரே இடத்தில்: தவறிப் போகக்கூடிய இடத்தில்.

படிவம் இரண்டின் மலாக்கா சுல்தானகத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு பெரும் அதிகாரிகள்: பெண்டஹாரா, பெங்ஹுலு பெண்டஹாரி, தெமெங்கோங், லக்சமானா. பிள்ளைகள் வழுக்கி விழுவது முதலிரண்டில். பெண்டஹாரா முதலமைச்சர்; பெண்டஹாரி கருவூலத்தைக் கவனித்தவர். வேறுபாடு கடைசி எழுத்து ஒன்றுதான். முழுப் பக்கத்தையும் நீலத்தில் எழுதிவிட்டு அந்த "ரி"யை மட்டும் சிவப்பில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வரி: "சங்கத்தில் காசு வாங்கும் பெண்டஹாரி." பள்ளிச் சங்கங்களில் பொருளாளரை இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள், அவளுக்கு அந்த முகமே ஞாபகம் வந்துவிடும். நிறம் கண்ணை அங்கே நிறுத்தியது. நினைவில் நிறுத்தியது அந்த முகம்.

அதே பக்கத்தின் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு, அங்கே கேள்வியை மட்டும் எழுதட்டும்: "கருவூலம் யார் பொறுப்பு?" மறுநாள் வலப்பக்கத்தை அட்டையால் மூடிவிட்டு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது கடினமாக இருக்கும், அவள் முணுமுணுப்பாள். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். இரவு வாசித்தால் "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவதும் சோதனையில் காணாமற்போவதும் இதனால்தான்.

திட்டக் குறிப்பேடு இந்தச் சோதனைக்கே உதவ வேண்டும். வீட்டுப்பாடத்தை அழகாக எழுதி வைப்பதற்கு மட்டும் அல்ல. பதிலை அட்டையால் மூடிச் சொல்லிப் பார்த்த நாளில், அந்தப் பாடத்தின் நிறத்தில் ஒரு புள்ளி. பெரும்பாலும் சொல்ல முடிந்தால் நிரப்பிய புள்ளி, முடியாவிட்டால் வெறும் வட்டம். புதிய பாடத்துக்கு மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை போதும். வெறும் வட்டம் விழுந்தால் இரண்டு நாளில் மீண்டும். இரண்டு வாரத்தை விரித்துப் பாருங்கள். கணிதப் பச்சை கொத்துக் கொத்தாக இருக்கும், வரலாற்று மஞ்சள் ஒன்றுகூட இராது. பிடித்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. திட்டாமல் அந்தக் காலி இடத்தைக் காட்டினாலே போதும்.

வீட்டில் தம்பி இருந்து, அவனுக்கும் இதையே செய்ய நினைத்தால் முதலில் சிவப்பையும் பச்சையையும் பிரித்துச் சொல்கிறானா என்று பாருங்கள். நிறப் பார்வைக் குறை ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். பலருக்குப் பள்ளிக்கூட வயதில்கூடத் தெரிவதில்லை. அவனுக்கு எல்லாப் பட்டையிலும் எழுத்து வேண்டும்.

டேப் வெயிலில் இளகிப் பிசின் கக்கினால் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். எண்ணெய் தாளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.