டைம்அவுட் ஆன எஸ்.எம்.எஸ்.-ஐ மறுபடி அனுப்பலாமா?

கேள்வி: சேலத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். அண்மையில் ஒரு வேலை நேர்காணலின் டிசைன் ரவுண்டில் நோட்டிஃபிகேஷன் சர்வீஸ் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். கியூ, வொர்க்கர், புஷ், எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் என்று படம் வரைந்து, பயனர் விருப்பங்களுக்கு ஒரு டேபிளும் காட்டினேன். "எஸ்.எம்.எஸ். வழங்குநரிடமிருந்து டைம்அவுட் வந்தால்?" என்றார்கள். "மூன்று முறை ரீட்ரை செய்வேன்" என்றேன். அத்துடன் முகம் மாறிவிட்டது. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: உங்கள் படத்தில் பிழை இல்லை. ரீட்ரை என்பதை அனுப்பும் வேலையின் வால்பகுதியாக நீங்கள் வைத்திருந்ததுதான் சிக்கல். முதல் முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையே நேரம் கடந்திருக்கிறது. அந்த நேரத்தில் பயனரின் விருப்பமோ செய்தியின் உண்மைத்தன்மையோ மாறியிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு "இதை இப்போதும் அனுப்பலாமா?" என்பதைப் புதிதாக முடிவு செய்யும் வடிவமைப்பையே நேர்காணலில் கேள்வி கேட்டவர் எதிர்பார்த்திருப்பார்.

ஊரிலிருந்தே ஓர் உதாரணம் எடுப்போம். ஏற்காடு விடுதிகளுக்கு முன்பதிவு செய்யும் ஒரு செயலி இருப்பதாகவும், மழையில் பாறை விழுந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சேலம் மலைப்பாதை மாலை 6.10 மணிக்கு மூடப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். அன்று முன்பதிவு செய்துள்ள 12,000 பேருக்குச் செய்தி போக வேண்டும். எஸ்.எம்.எஸ். வழங்குநர் நொடிக்கு 50 செய்திகளை மட்டுமே ஏற்பார் என்றால், தடங்கல் ஏதும் இல்லாதபோதே 240 நொடிகள், அதாவது நான்கு நிமிடங்கள் ஆகும்.

6.11-க்கு அஸ்தம்பட்டியில் வண்டியோடு நிற்கும் ஒரு பயணிக்கான கோரிக்கை டைம்அவுட் ஆகிறது. இதன் பொருள் செய்தி போகவில்லை என்பதல்ல. வழங்குநர் அதை ஏற்று அனுப்பிவிட்ட பிறகு பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஆகவே முடிவுகள் வெற்றி, உறுதியான தோல்வி, தெரியாது என மூன்று வகை. எண் தவறு, டெம்ப்ளேட் நிராகரிப்பு ஆகியவை உறுதியான தோல்விகள். அவற்றை எத்தனை முறை அனுப்பினாலும் பலன் மாறாது. புஷ்ஷில் கூகுளின் அனுப்பும் சேவையான எஃப்.சி.எம். `UNREGISTERED` என்று சொன்னால் அந்த டோக்கனையே நீக்கிவிட வேண்டும். `UNAVAILABLE` என்றால் காத்திருந்து மறுபடி முயலலாம். டைம்அவுட்டோ மூன்றாவது வகை.

"தெரியாது" என்ற நிலைக்கு முதல் மருந்து, ஒவ்வொரு முயற்சியிலும் மாறாத ஒரு அடையாளச் சாவி. நிகழ்வு, பயனர், சேனல் ஆகிய மூன்றையும் சேர்த்து அதை உருவாக்கி, டேபிளில் அந்த மூன்றுக்கும் சேர்த்து யூனிக் கட்டுப்பாடு வைக்க வேண்டும். முயற்சி எண்ணைச் சாவியில் சேர்த்தால் ஒவ்வொரு ரீட்ரையும் புதிய செய்தியாகிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். வழங்குநர் இந்தச் சாவியை ஏற்று இரட்டிப்பைத் தடுப்பாரா, அல்லது அதைக் கொண்டு நிலையை விசாரிக்க விடுவாரா என்று கேள்வி கேட்பவரிடமே கேளுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால், சரியாக ஒரே ஒரு முறை அனுப்புவதாக யாராலும் உறுதி தர முடியாது. அதை அப்படியே சொல்லிவிடுவது நல்லது. அப்போது வகையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பாதை மூடல் செய்தி இருமுறை வந்தால் பயணி பொறுத்துக்கொள்வார், வராவிட்டால் பொறுக்கமாட்டார். கோடை விழாத் தள்ளுபடிச் செய்தியில் நிலைமை தலைகீழ். அங்கே "தெரியாது" என்றால் விட்டுவிடலாம்.

அனுப்பிக்கொண்டிருக்கும்போதே வொர்க்கர் விழுந்துவிட்டாலும் இதே சங்கடம்தான். "அனுப்புகிறேன்" என்று குறிக்கப்பட்டு, வொர்க்கருக்குத் தரப்பட்ட குத்தகை நேரம் கடந்து கிடக்கும் டேபிள் வரிசையைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாகக் கருதாமல், "தெரியாது" வகையிலேயே சேர்க்க வேண்டும்.

இனி அதே பயணியைப் பின்தொடர்வோம். வழங்குநரின் கோளாறு 7.45 வரை நீடிக்கிறது. இதற்கிடையே 7.40-க்குப் பாதை திறக்கப்பட்டு, "பாதை திறப்பு" என்ற செய்தி புஷ் வழியாக அவரை அடைந்துவிட்டது. 7.46-க்கு நம் வொர்க்கர் பழைய "பாதை மூடல்" எஸ்.எம்.எஸ்.-ஐ விடாமுயற்சியோடு அனுப்பி வைக்கிறது. பயணி அதை நம்பிக் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். மூன்று முறை என்ற எண்ணிக்கையால் இதைத் தடுக்க முடியாது. செய்தியோடு ஒரு காலாவதி நேரமும், அது எந்தப் பொருளைப் பற்றியது, அதில் எத்தனையாவது நிலை என்ற பதிப்பு எண்ணும் சேர்ந்தே பயணிக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் எழுத இவ்வளவு போதும்:

```
attempt(d):
  if now > d.expires_at:                 return EXPIRED
  if latest(d.topic) > d.version:        return SUPERSEDED
  if not allowed(d.user, d.category, d.channel):
                                         return SUPPRESSED
  if quiet_now(d.user) and not d.urgent: return DEFER
  send(d, key=d.id)
```

மூன்றாவது நிபந்தனையில்தான் உங்கள் விருப்ப டேபிள் வேலைக்கு வருகிறது. கியூவில் போடும்போது ஒரு முறை விருப்பத்தைப் பார்த்துச் சேனல்களைத் தேர்ந்தெடுப்பது செலவைக் குறைக்கும். ஆனால் அனுப்பும் கணத்தில் மறுபடி பார்க்காவிட்டால், நடுவில் "வேண்டாம்" என்று அணைத்தவருக்கும் செய்தி போய்விடும். டேபிளின் வரிசை பயனர், வகை, சேனல் என்ற மூன்றின் சேர்க்கையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு "ஆன்/ஆஃப்" பொத்தான் இருந்தால், விளம்பரம் பிடிக்காதவர் அதை அணைக்கும்போது பாதை மூடல் செய்தியையும் சேர்த்தே இழப்பார். விருப்பங்களை கேஷில் வைப்பதாக இருந்தால், "வேண்டாம்" என்ற மாற்றம் வந்தவுடன் கேஷை அழிக்க வேண்டும். நான்காவது நிபந்தனையான அமைதி நேரம் வேறு வகை: அதில் செய்தியைக் கைவிடாமல் காலைக்குத் தள்ளுகிறோம், காலையில் அது மீண்டும் முதல் நிபந்தனையிலிருந்தே தொடங்கும்.

புஷ் போகாவிட்டால் எஸ்.எம்.எஸ். என்று எல்லாரும் வரைகிறார்கள். எஃப்.சி.எம். வெற்றி என்று பதில் தந்தால், அது செய்தியை ஏற்றுக்கொண்டது என்று மட்டுமே பொருள். சிக்னல் இல்லாத வளைவில் இருக்கும் கைபேசிக்குச் செய்தி இன்னும் சேர்ந்திருக்காது. எனவே அவசர வகைக்கு, செயலியே திருப்பி அனுப்பும் ஒப்புகையை இரண்டு நிமிடம் எதிர்பார்த்து, வராவிட்டால் எஸ்.எம்.எஸ்.-க்கு மாறலாம். சிக்னலே இல்லையெனில் எஸ்.எம்.எஸ்.-உம் காத்துத்தான் கிடக்கும், ஆனால் டேட்டா மட்டும் கிடைக்காத இடத்தில் அது போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

எஸ்.எம்.எஸ். பேச்சு வந்தால் தமிழின் விலையையும் சொல்லுங்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. யூனிகோட் செய்தி ஒன்றுக்கு 70 இடங்கள்தான், அதில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "ஏற்காடு மலைப்பாதை மூடல். குப்பனூர் வழியாகச் செல்லவும்." என்பது கண்ணுக்கு 34 இடம், கணக்கில் 54. பயணியின் பெயரும் முன்பதிவு எண்ணும் சேர்ந்தால் 70-ஐத் தாண்டி இரண்டு செய்திகளுக்கான கட்டணம் விழும். இந்தியாவில் வணிக எஸ்.எம்.எஸ். டெம்ப்ளேட்டை டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பதால், கடைசி நேரத்தில் வாசகத்தைச் சுருக்கவும் இயலாது.

காத்திருப்பு இடைவெளியை 2, 4, 8 நொடி என்று இரட்டிப்பது மட்டும் போதாது. கோளாறில் சிக்கிய ஆயிரக்கணக்கான செய்திகள் ஒரே நொடியில் திரும்பி வந்து, வழங்குநரின் 50 என்ற வரம்பில் மோதி மறுபடி விழும். பூஜ்ஜியத்துக்கும் அந்த இடைவெளிக்கும் இடையே தற்செயலான ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் கூட்டம் கலையும். சேனலுக்கு ஒரு கியூ என்பதோடு நிற்காமல், அவசரத்துக்கும் விளம்பரத்துக்கும் தனித்தனிக் கியூ வைத்து, வழங்குநரின் வரம்பில் ஒரு பங்கை அவசரத்துக்கென ஒதுக்குங்கள். கியூ தேங்குகிறதா என்று அறிய அதன் நீளத்தைக் காட்டிலும், அதில் மிகப் பழைய செய்தி எத்தனை நொடியாகக் காத்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். விளம்பரக் கியூவில் அந்த எண் ஏறினால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. அவசரக் கியூவில் அது ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ, "தெரியாது" நிலையில் உள்ள வரிசைகள் திடீரெனப் பெருகினாலோ, பணியில் இருப்பவருக்கு எச்சரிக்கை போக வேண்டும்; அந்த எச்சரிக்கையை இதே எஸ்.எம்.எஸ். வழங்குநர் வழியாக அனுப்பாமல் வேறு பாதையில் அனுப்புங்கள்.