மூன்று பேர் எழுதினாலும் கடைக்கு ஒரே குரல்: துணிக்கடை கேப்ஷன் பற்றிய கேள்வி-பதில்

எங்கள் கடை சிங்கப்பூரில் தேக்கா பக்கம். இன்ஸ்டகிராமுக்கு மூன்று பேர் மாறி மாறி எழுதுகிறார்கள். ஒருவர் இங்கேயே பிறந்தவர், ஒருவர் மதுரைக்காரர், இன்னொருவருக்குக் கவிதையில் ஆர்வம். எது யார் எழுதியது என்று வாடிக்கையாளரே சொல்லிவிடுகிறார். எங்கே தொடங்கிச் சரிசெய்வது?

கடைசியாகப் போட்ட முப்பது கேப்ஷன்களைப் படமில்லாமல், எழுதியவர் பெயரில்லாமல் வரிசையாக ஒரு கோப்பில் ஒட்டுங்கள். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து நான்கு விஷயங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்: வாசிப்பவரை எப்படி அழைத்திருக்கிறோம், வினைச்சொல் எப்படி முடிகிறது, முதல் வரி எதில் தொடங்குகிறது, விலையை எப்படிச் சொல்கிறோம். குரல் பிரிவது பெரும்பாலும் இந்த நான்கில்தான். ‘நட்பாக எழுதுங்கள்’ என்ற அறிவுரை இங்கே உதவாது. மூவருமே நட்பாகத்தான் எழுதியிருப்பார்கள், ஆளுக்கு ஒரு விதமாக.

ஒரே குர்த்தாவுக்கு மூவர் எழுதினால் இப்படித்தான் வரும்:

“அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! எங்களது புதிய பருத்தி குர்த்தா தற்போது விற்பனைக்கு வந்துள்ளது. வாங்கி மகிழுங்கள்.”

“ஹாய் அக்காஸ்! செம காட்டன் குர்த்தா வந்தாச்சு!! சீக்கிரம் வாங்க, முடிஞ்சிரும்!!!”

“காற்றோடு பேசும் பருத்தி... உன் காலைக்கு ஒரு புதிய கவிதை.”

அழைப்பை முதலில் பாருங்கள். ஒன்றில் வாடிக்கையாளர், ஒன்றில் அக்கா, ஒன்றில் ‘உன்’. நேற்று மரியாதையாகப் பேசிய கடை இன்று ஒருமைக்கு இறங்கினால் ஐம்பது வயது வாடிக்கையாளருக்கு அது உறுத்தும். ‘அக்கா’ என்று அழைத்தால் இருபது வயதுப் பெண்ணும், தங்கைக்கு வாங்க வந்த ஆணும் வெளியே நிற்பார்கள். இதைவிடப் பெரிய குறை, மூன்று கேப்ஷனிலும் குர்த்தாவைப் பற்றிய தகவல் துணி வகையைத் தாண்டவில்லை. சொல்ல விஷயம் இல்லாதபோதுதான் எழுதுபவரின் சொந்த நடை அந்த இடத்தை நிரப்புகிறது. அதனால் தகவலின் வரிசையை முதலில் நிலையாக்குங்கள்: போட்டுக்கொள்பவருக்குப் பயன்படும் ஒரு விவரம், பிறகு துணி, நீளம், அளவு, விலை, கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்பது.

“இரண்டு பக்கமும் பாக்கெட் உள்ள குர்த்தா. கைப்பேசியும் ஈசிலிங்க் அட்டையும் தாராளமாக அடங்கும். முழுக் காட்டன், முழங்கால் வரை நீளம். எஸ் முதல் மூன்று எக்ஸ்எல் வரை, 49 வெள்ளி. கடையில் போட்டுப் பார்த்து வாங்கலாம்.”

இதை மூவரில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். கவிதை எழுதுபவருக்கும் இடம் உண்டு. ‘கைப்பேசியும் அட்டையும் அடங்கும்’ என்பதைப் போன்ற விவரத்தைக் கண்டுபிடிக்க அவருடைய கண்தான் வேண்டும்.

விலை பற்றி ஒன்று. ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, வரி சேர்ந்த விலையைத்தான் காட்ட வேண்டும். ஒருவர் ‘49 வெள்ளி’ என்றும் இன்னொருவர் ‘45 வெள்ளி, வரி தனி’ என்றும் எழுதுவது நடைச் சிக்கலோடு நிற்காது.

பேச்சுத்தமிழில் எழுதினால் நெருக்கமாக இருக்கிறது, ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி வருகிறது. எழுத்துத்தமிழ் விறைப்பாக இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பேச்சுத்தமிழுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட எழுத்துமுறை கிடையாது. ‘இருக்கு’, ‘இருக்குது’, ‘இருக்குங்க’ மூன்றும் சரி. ‘முடிஞ்சிரும்’, ‘முடிஞ்சுடும்’ இரண்டும் சரி. எந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்து வளர்ந்தோமோ அதுதான் கையில் வரும். ஒருவரே எழுதும் கடைக்கு அது அழகு. மூவர் எழுதும் கடையில் பேச்சுத்தமிழ்தான் வேண்டுமென்றால் அடிக்கடி வரும் இருபது, முப்பது வினைச்சொற்களுக்கு எழுத்து வடிவத்தை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். செய்யலாம், ஆனால் புதியவர் சேரும்போதெல்லாம் அந்தப் பட்டியலைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும்.

பல கை எழுதும் கடைக்கு நாங்கள் பரிந்துரைப்பது, சொற்கள் பேச்சில் புழங்குபவை, வினைமுடிவு மட்டும் எழுத்துமுறை. ‘அணிந்திடுங்கள்’ வேண்டாம், ‘போட்டுப் பாருங்கள்’ போதும். ‘பருத்தியாலான’ வேண்டாம், ‘காட்டன்’ போதும். சேலை என்றால் ‘கட்டுங்கள்’, குர்த்தா என்றால் ‘போடுங்கள்’. வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம்.

தமிழில் வினையே இல்லாமல் முழு வாக்கியம் அமையும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ‘முழுக் காட்டன், முழங்கால் வரை நீளம்’ என்பதில் வினை இல்லை, அதனால் ‘இருக்கிறது’, ‘இருக்கு’ தகராறும் இல்லை. விவர வரிகளை இப்படி வைத்தால், வினை கட்டாயம் வேண்டியது ‘வாங்கலாம்’, ‘கேளுங்கள்’ என்ற கடைசி அழைப்புக்கு மட்டும்தான். மூவர் எழுதுவதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

‘நாங்கள்’, ‘நாம்’ இரண்டையும் கலக்காதீர்கள். துணி எடுத்தது, தைத்தது, அனுப்புவது, தவறு செய்தது எல்லாம் ‘நாங்கள்’. ‘நம் ஊர்ப் புழுக்கத்துக்கு லினன்’ என்பதுபோல வாடிக்கையாளருக்கும் பங்கு உள்ள இடத்தில் மட்டும் ‘நாம்’. ‘நாம் தாமதமாக அனுப்பிவிட்டோம்’ என்று எழுதினால் காத்திருந்தவரையும் குற்றத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.

பன்னிரண்டு பக்கத்தில் நடைக் கையேடு தயாரித்தோம். யாரும் திறப்பதில்லை.

கேப்ஷன் எழுதக் கிடைக்கும் நேரம் பத்து நிமிடம், அதுவும் கல்லாவில் ஆள் இல்லாதபோது. அந்த நேரத்தில் யாரும் கையேட்டைப் புரட்டமாட்டார்கள். கைப்பேசித் திரையில் இரண்டு தள்ளலில் முடியும் அளவுக்கு ஒரே பக்கமாக்கி, வாட்ஸ்அப் குழுவின் மேலே பொருத்தி வையுங்கள்.

அந்தப் பக்கத்தில் நல்ல கேப்ஷன் மூன்று முழுதாக இருக்கட்டும்: புதுவரவுக்கு ஒன்று, தள்ளுபடிக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று. மனிதர்கள் விதியைப் படித்து எழுதுவதைவிட மாதிரியைப் பார்த்து நன்றாக எழுதுவார்கள். கீழே ‘இப்படி, அப்படி அல்ல’ என்று பத்து இணைகள். ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களே’ எழுதாமல் நேரே துணியில் தொடங்குவது, மூன்று ஆச்சரியக்குறி போடாமல் ஒன்றுகூட இல்லாமல் முடிப்பது, இதுபோல.

அதோடு நிறப் பெயர்களும் துணிப் பெயர்களும். பலரும் விட்டுவிடும் இடம் இதுதான். இணையத்தளத்தில் ‘மயில் நீலம்’, கேப்ஷனில் ‘பீகாக் ப்ளூ’, வாட்ஸ்அப்பில் ‘ராமர் நீலம்’ என்று ஒரே சேலை மூன்று பெயரில் இருந்தால், வாடிக்கையாளர் மூன்று சேலை என்றே நினைப்பார், ஒன்றைக் கேட்டு வேறொன்று வந்ததாகத் திருப்பித் தருவார். சரக்கு வரும் அன்றே ஒரு பெயர் வைத்து, அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். துணியின் பெயரைத் துணியிலுள்ள லேபிளைப் பார்த்து எழுதுங்கள். பாலியஸ்டர் கலந்ததை ஆர்வத்தில் ‘பட்டு’ என்று எழுதினால் அது தவறான விளம்பரம், அதை எழுதியவர் யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது கடைதான்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் போடுகிறோம். எது முதலில் வர வேண்டும்?

எதுவும் வரலாம், தினமும் மாறக்கூடாது. இன்ஸ்டகிராம் முதல் ஓரிரு வரியை மட்டும் காட்டிவிட்டு மீதியை மடித்து வைக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் அந்த இடத்தில் ஏழெட்டுச் சொல்தான் பிடிக்கும். வாழ்த்தில் தொடங்கினால் அதிலேயே இடம் தீர்ந்துவிடும். ஆங்கிலப் பகுதியைத் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டாம். அதே விவரம், அதே வரிசை, அதே விலை இருந்தால் போதும்.

எல்லாக் கேப்ஷனையும் நானே திருத்துகிறேன். பையன்களுக்கு எழுதும் ஆசையே போய்விட்டது, பதிவும் தாமதமாகிறது.

உங்களுக்குப் பிடித்த சொல்லுக்கு மாற்றுவதும், ஒப்புக்கொண்ட முடிவுக்கு மாறானதைத் திருத்துவதும் வேறு வேறு. இரண்டாவதை மட்டும் செய்யுங்கள். திருத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் அந்த ஒரு பக்கத்தில் எந்த வரி காரணம் என்று காட்ட முடிய வேண்டும். காட்ட முடியாவிட்டால் எழுதியது அப்படியே போகட்டும். அதே திருத்தம் மூன்று முறை வந்தால் பக்கத்தில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். வாரக் கடைசியில் அதைச் சேர்த்து, பயன்படாத பழைய வரி ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அன்றாடப் பதிவை ஒருவர் எழுத, இன்னொரு ஊழியர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். நடை மாறும் இடத்தில் நாக்கு தடுக்கும், கண் அதைத் தாண்டிவிடும். விலை, அளவு, தேதி மூன்றையும் அவரே சரக்குப் பட்டியலோடு ஒப்பிடட்டும். தள்ளுபடி அறிவிப்பும் மன்னிப்பும் மட்டும் உங்களிடம் வந்தால் போதும்.

புகார் வரும்போதும் அதே குரலில்தான் பேச வேண்டுமா?

அழைப்பும் வினைமுடிவும் அதேதான். உற்சாகமும் இமோஜியும் போக வேண்டும். முதல் வரியில் நடந்தது, இரண்டாவதில் நீங்கள் செய்யப்போவது, எப்போது என்ற நாளோடு: “உங்கள் சேலை இன்னும் வந்து சேராததற்கு வருந்துகிறோம். இன்று மாலை ஆறு மணிக்குள் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறோம். ஆர்டர் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.” ‘தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு’ என்று தொடங்கினால், நேற்றுவரை பேசிய கடை எழுந்து போய் ஓர் அலுவலகம் வந்து உட்கார்ந்ததுபோல ஆகிவிடும்.

தீபாவளிக்கு முன் ஒரு மாதம் தற்காலிக ஊழியர்கள் இருவர் சேருகிறார்கள். அவர்களையும் எழுதவிடலாமா?

விடலாம், முதல் வாரம் ஸ்டோரிக்கு மட்டும். அது ஒரு நாளில் மறைந்துவிடும். சேரும் அன்று ஏற்கனவே வெளியான ஐந்து கேப்ஷன்களின் படத்தை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், பிறகு வெளியானதோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். அரை மணி நேரம் போதும். அவர்கள் எங்கே விலகுகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கூட்டம் அலைமோதும் கடைசிப் பத்து நாளுக்கான பதிவுகளை நிரந்தர ஊழியர்கள் முன்பே எழுதி வைக்கட்டும். விலை, இருப்பு, கடை மூடும் நேரம் ஆகிய இடங்களை மட்டும் காலியாக விடுங்கள். தற்காலிக ஊழியர்கள் அன்றன்று அவற்றை நிரப்பிப் போட்டால் போதும். காலியிடத்தில் ‘விலை இங்கே’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதி வையுங்கள். வெறும் கோடு போட்டால் அவசரத்தில் அப்படியே வெளியே போய்விடும்.