கடைக்காரர் அனுப்பிவிட்டார், காசு எங்கே நிற்கிறது?

கிளிநொச்சியில் 48,500 ரூபாவுக்குத் தண்ணீர் மோட்டார் வாங்கி டெபிட் அட்டையில் காசு கட்டினேன். அது வியாழக்கிழமை. வெள்ளி பின்னேரம் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் மெஷினில் போட்டுத் துண்டும் தந்தார். இன்றைக்குச் செவ்வாய், காசு வரவில்லை. போன மாதம் என் மச்சான் அதே கடையில் சாமானைத் திருப்பிக் கொடுத்தபோது உடனே வந்ததே?

மச்சான் வாங்கிய அன்றைக்கே கொண்டுபோயிருப்பார். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் அட்டையைப் போட்டதும் காசு கடைக்காரருக்குப் போய்விடுவதில்லை. உங்கள் வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைக்கிறது. மீதி குறைந்து தெரியும், ஆனால் காசு இன்னும் உங்கள் கணக்கை விட்டுப் போகவில்லை. இரவு கடை பூட்டும்போது கடைக்காரர் மெஷினில் அன்றைய கணக்கை முடிப்பார். அப்போதுதான் அன்றைய விற்பனையெல்லாம் ஒரு கட்டாக அவருடைய வங்கிக்குப் போகும். அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்பு வழியாக உங்கள் வங்கிக்கு வந்து, காசு உண்மையில் கழிபடும்.

கணக்கு முடிக்குமுன் திருப்பினால் அந்த விற்பனையையே அழித்துவிடலாம். துண்டில் VOID என்று இருக்கும். வங்கி பிடியை விடுகிறது, அவ்வளவுதான். சில வங்கிகள் பிடியை விடச் சுணங்கும், அது வேறு கதை.

உங்கள் விற்பனை வியாழன் இரவே போய்விட்டது. அழிக்க எதுவும் இல்லை. அதனால் வெள்ளியன்று அவர் போட்டது REFUND, எதிர்த்திசையில் போகும் ஒரு புதிய கொடுப்பனவு. அதுவும் வெள்ளி இரவுக் கட்டோடு போய், சனி, ஞாயிறு சும்மா கிடந்து, திங்களன்று கடையின் வங்கி எடுத்து, பிறகுதான் உங்கள் வங்கிக்கு வர வேண்டும். நடுவில் போயா வந்தால் இன்னும் ஒரு நாள். செவ்வாய்க்கிழமைக்குள் வராதது தவறல்ல.

ஒரு வாரம், பத்து நாள் தாண்டினால் கடைக்காரரிடம் வெறுமனே 'அனுப்பிட்டீங்களா' என்று கேட்டுப் பயனில்லை. அவருடைய வங்கியிடமிருந்து அந்த REFUND-க்கான ARN எனும் 23 இலக்க எண்ணை வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் வங்கி தேடலாம். எண்ணே இல்லை என்றால் கட்டு கடையை விட்டுப் போகவே இல்லை என்று சந்தேகிக்கலாம்.

புதுக்குடியிருப்பில் 12,300 ரூபாவுக்கு உரம் வாங்கினேன். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுச் சரிவரவில்லை என்றது. எனக்கோ காசு போனதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கையில் இருந்த காசைக் கொடுத்தேன்.

உங்கள் வங்கிக்குக் கேள்வி போய்ச் சேர்ந்தது, பதில் சிக்னல் இல்லாமல் வழியில் நின்றுவிட்டது. வங்கி சரி சொன்னதா இல்லையா என்று மெஷினுக்குத் தெரியாது. தெரியாதபோது 'முன்பு கேட்டதை ரத்துச் செய்' என்ற செய்தியை அது தானாகவே தயார் செய்து வைத்துக்கொள்ளும். லைன் கிடைத்ததும் அனுப்பும். பல மெஷின்களில் அடுத்த ஆள் அட்டை போடும்போது முதலில் இதுதான் போகும். கரண்ட் போய்க் கடையைப் பூட்டிவிட்டால் அதுவும் விடியும்வரை காத்திருக்கும். கடைக்காரரிடம் மெஷினை லைனில் போட்டு அன்றைய கணக்கை முடிக்கச் சொல்லுங்கள்.

ரத்துச் செய்தி தொலைந்தாலும் பயமில்லை. கடை அனுப்பும் கட்டுக்குள் உங்கள் விற்பனை இருக்காது, ஆகவே பிடி சில நாளில் காலாவதியாகும். எத்தனை நாள் என்பது வங்கியைப் பொறுத்தது. ஆனால் கடைக்காரரை REFUND போடச் சொல்லாதீர்கள். நடக்காத விற்பனைக்கு அவர் கைக்காசைக் கொடுத்ததாகிவிடும். ஸ்டேட்மென்டில் 12,300 கழிபட்ட வரியாகவே வந்துவிட்டால் மட்டும், காசு கொடுத்த பில்லோடு வங்கிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அந்த பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் 40 டொலருக்கு வாங்கியதைத் திருப்பினேன். 40 டொலரும் தந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், ரூபாவில் குறைகிறதே?

வாங்கிய நாளுக்கு ஒரு மாற்று விகிதம், திருப்பம் கணக்கில் ஏறிய நாளுக்கு இன்னொன்று. வங்கி எடுத்த மாற்றுக் கட்டணமும் பொதுவாகத் திரும்பாது. ரூபா விழுந்திருந்தால் கூடவும் வந்திருக்கும். அப்படி வந்தவர்கள் ஏனோ எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

கடன் அட்டைக்கு 9,000 ரூபா திரும்பி வந்தது. இந்த மாதக் குறைந்தபட்சக் கட்டணத்தைக் கட்டாமல் விடலாமா?

வேண்டாம். பெரும்பாலான வங்கிகள் திரும்பி வந்த காசைக் கடனில் கழிக்கும், ஆனால் நீங்கள் கட்டிய தவணையாக எடுக்காது. கடைசித் திகதிக்குள் கட்டிவிடுங்கள்.