குழந்தையின் மூச்சை எண்ணும்போது: சேலம், ஏற்காடு செவிலியர்களின் கேள்விகள்

கேள்வி (முதலாம் ஆண்டு மாணவி, சேலம்): அக்கா, 4 மாதக் குழந்தைக்கு 15 வினாடி எண்ணினேன். 13 மூச்சு. நான்கால் பெருக்கி 52 என்று எழுதினேன். வார்டு சிஸ்டர் எண்ணினால் 44 வருகிறது. அதே குழந்தைதான். எங்கே தப்பு?

பதில்: சிஸ்டர் முழு நிமிடம் எண்ணியிருப்பார். நிமிடத்துக்கு 44 என்றால் 15 வினாடிக்குச் சராசரி 11 மூச்சு. கடிகாரத்தைப் பார்த்த நொடியில் ஏறிக்கொண்டிருந்த மூச்சையும் ஒன்று என்று சேர்த்திருந்தால் 12. கைக்குழந்தைகள் சிறிது நேரம் வேகமாக மூச்சுவிட்டு, சில வினாடி நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். நீங்கள் எண்ணியது அந்த வேகமான பகுதியாக இருந்தால் இன்னொன்று கூடி 13. இந்த இரண்டு மூச்சு பெருக்கலில் எட்டாகிவிட்டது.

இங்கே அந்த எட்டு பெரிய விஷயம். 2 மாதம் முடிந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 50, அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. 52 நிமோனியா சந்தேகத்துக்குள் தள்ளும், 44 தள்ளாது. அதனால் முழு 60 வினாடி எண்ணுங்கள். குழந்தை அழக்கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கக்கூடாது. அம்மா மடியிலேயே இருக்கட்டும். சட்டையை மெல்ல உயர்த்தி வயிறு ஏறுவதைப் பாருங்கள். தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், அழுதுவிட்டால் கணக்கு போச்சு. எண்ணிக்கை எல்லைக்கு மேலே வந்தால் இன்னொரு தடவை எண்ணிய பிறகே எழுதுங்கள்.

கேள்வி (செவிலியர், ஆத்தூர்): காய்ச்சல் இருந்தால் மூச்சு கூடுவது இயல்புதானே? ஒரு டிகிரிக்கு இத்தனை என்று கழித்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறேன் நான்.

பதில்: முதல் பாதி சரி. காய்ச்சலில் நாடியும் மூச்சும் இரண்டுமே கூடும். ஆனால் கழிக்காதீர்கள். எவ்வளவு கூடும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறுகிறது, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு எண் இல்லை. பார்த்ததை அப்படியே எழுதி, பக்கத்தில் காய்ச்சல் எவ்வளவு என்றும் குறியுங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு மறுபடி எண்ணுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தால் மட்டும் காய்ச்சல் இறங்கக் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (ஓமலூர், வயது 62): 50க்கு மேல் போனால் நிமோனியா என்கிறீர்களே அம்மா, என் பிபி மெஷினில் 54 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: ஐயா, நாங்கள் பேசுவது கைக்குழந்தையின் மூச்சு. உங்கள் மெஷினில் உள்ள 54 நாடித்துடிப்பு. பெரியவர்களுக்குப் பொதுவாக நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. 54 கொஞ்சம் குறைவு. சில பிபி மாத்திரைகள் நாடியைக் குறைக்கும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நீங்களே எண்ணிப் பாருங்கள், துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் மெஷின் எண் தவறலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். தலைசுற்றல், மயக்கம் இருந்தால் இன்றைக்கே போங்கள்.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர், ஏற்காடு): காலைக் குளிரில் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 88 காட்டியது. மலை உயரம்தான் காரணம் என்று கூட இருந்தவர் சொன்னார். மூச்சு 38. கீழே அனுப்பவா?

பதில்: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அந்த உயரத்தில் ஓரிரண்டு புள்ளி குறையலாம், 88 வரை இறங்காது. முதலில் குழந்தையின் கையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உங்கள் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள். பெரியவர்களுக்கான கிளிப் சின்ன விரலில் சரியாக உட்காராது, குழந்தைகளுக்கான புரோப் வேண்டும். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பில் இதயத்துடிப்பை எண்ணி, திரையில் தெரியும் துடிப்போடு ஒப்பிடுங்கள். காதில் 124, திரையில் 80 என்றால் அந்த 88ஐ நம்ப வேண்டாம். இரண்டும் ஒத்துப்போய், கை சூடான பிறகும் 90க்குக் கீழேயே இருந்தால், மூச்சு 38 என்று சமாதானம் ஆகாதீர்கள். ஆக்ஸிஜன் கொடுத்து, 20 கொண்டை ஊசி வளைவையும் ஆம்புலன்ஸில் இறங்கிச் சேலம் போக வேண்டிய குழந்தை அது.

கேள்வி (அதே மாணவி): அப்படியானால் ஒன்றரை வயதுக்கு 38 நார்மலா அக்கா? ஒரு புத்தகத்தில் 22 முதல் 37 என்று இருக்கிறது, இன்னொன்றில் 40 வரை.

பதில்: புத்தகத்துக்குப் புத்தகம் இந்த வரம்பு மாறும், நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரமாட்டேன். வேக மூச்சு என்று முடிவெடுக்கும் எல்லை வேறு: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் 5 வயதுவரை 40. 38 அந்த எல்லைக்கு ஒட்டியே இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து அதே குழந்தையை மறுபடி எண்ணுங்கள், 42 வந்தால் நிலைமை வேறு.